கண்ணியும் புரியும்

தரையில் ஒரு பாயை விரித்து அதில் முழங்காலிட்டு நிமிர்ந்திருக்கிறார் ஓர் இளைஞர். பின்னால் இருக்கும் நண்பர் அவருடைய இரண்டு கணுக்கால்களையும் தரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். இனி அவர் இடுப்பை மடக்காமல், முழங்காலிலிருந்து தலை வரை ஒரே பலகைபோல, மெல்ல முன்னால் சாய வேண்டும். முதல் சில விநாடிகள் எளிதாகத்தான் இருக்கும். பாதி தூரம் சாய்ந்ததும் தொடையின் பின்பக்கம் நடுங்கத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் தசை பிடி தளர்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றித்தான் விழ வேண்டியிருக்கும்.

கால்பந்து வீரர்களுக்கு நன்கு தெரிந்த இந்தப் பயிற்சிக்கு நோர்டிக் ஹாம்ஸ்ட்ரிங் என்று பெயர். இதில் தொடைப் பின்தசை முழு மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் உடலின் எடை அதை வென்றுவிடுவதால், இழுத்துக்கொண்டே நீள்கிறது. சில வாரங்கள் இதைத் தொடர்ந்து செய்தவரின் தொடையை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் ஒரு மாற்றம் தெரிகிறது. பின்தொடையின் வெளிப்பக்கமாக ஓடும் பைசெப்ஸ் ஃபெமோரிஸ் என்ற தசைக்குள் சாய்வாக அடுக்கியிருக்கும் இழைக்கற்றைகள் முன்பைவிட நீண்டிருக்கின்றன. வெந்த கோழித்தொடையைப் பிய்க்கும்போது நார்நாராகப் பிரிகிறதே, அந்த நார்கள்தான் இழைக்கற்றைகள்.

கற்றை நீண்டது என்பதில் சந்தேகமில்லை. எப்படி நீண்டது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேடிய ஆராய்ச்சியாளர்கள் கடைசியில் உயிரோடிருக்கும் மனிதர்களின் தொடைக்குள் ஊசியைச் செருகி ஒளியால் எண்ண வேண்டியிருந்தது.

தசை இழை ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்துக்கும் மேல், நுண்ணிழைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒவ்வொரு நுண்ணிழையின் பருமனும் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நுண்ணிழையை நெடுக்காகப் பார்த்தால் ஒரே மாதிரியான சிறு அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பது தெரியும். அந்த அறைதான் சார்கோமியர். அதன் நடுவில் மையோசின் என்ற தடித்த இழைகள் இருக்கின்றன. இரண்டு முனைச் சுவர்களிலிருந்தும் ஆக்டின் என்ற மெல்லிய இழைகள் உள்நோக்கி நீண்டு மையோசினுக்கு இடையில் புகுந்திருக்கின்றன. மையோசினின் சிறு தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கும்போது சுவர்கள் நெருங்கி அறை சுருங்குகிறது.

இழுவையின் வலிமை இந்த இரண்டு இழைகளும் எவ்வளவு தூரம் ஒன்றோடொன்று மேவியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. மனிதத் தசையில் சார்கோமியர் சுமார் 2.6 முதல் 2.8 மைக்ரான் நீளத்தில் இருக்கும்போது மேவல் மிகப் பொருத்தமாக அமைந்து, முழு விசை கிடைக்கிறது. அதற்கு மேல் இழுத்தால் பற்றும் தலைகள் குறைந்துகொண்டே போகும். 4.2 மைக்ரானை எட்டும்போது ஆக்டினும் மையோசினும் ஒன்றையொன்று தொடவே தொடாது. மிகவும் சுருங்கினாலும் இழைகள் நெருக்கியடித்து விசை குறைந்துவிடும்.

இப்போது தசை வளர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பள்ளி இயற்பியலில் மின்கலங்களுக்குச் சொன்ன சொற்களே இங்கும் பொருந்தும். ஒரு நுண்ணிழையின் முனையில் இன்னும் சில சார்கோமியர்களைக் கோத்தால் அது தொடரிணைப்பு. சங்கிலியில் கண்ணி சேர்ப்பதுபோல இழை நீளும். இருக்கும் நுண்ணிழைகளுக்குப் பக்கத்தில் புதிய நுண்ணிழைகளைச் சேர்த்தால் அது பக்க இணைப்பு. கயிற்றில் புரி சேர்ப்பதுபோல இழை பருக்கும்.

இரண்டுக்கும் ஆகும் புரதச் செலவு ஒன்றுதான். ஓர் இழையில் 20 விழுக்காடு சார்கோமியர்களைக் கண்ணியாகச் சேர்த்தாலும் புரியாகச் சேர்த்தாலும் தசையின் கன அளவு அதே 20 விழுக்காடுதான் கூடும். பலன்தான் வேறு. புரியாகச் சேர்த்தால் விசை 20 விழுக்காடு கூடும். கண்ணியாகச் சேர்த்தால் உச்ச விசை கூடவே கூடாது.

இது முதலில் நம்பக் கடினமாக இருக்கும். தேர் வடத்தில் ஆளுக்குப் பின் ஆளாக நின்றுதானே இழுக்கிறோம், ஆள் கூடக்கூட இழுவையும் கூடுகிறதே என்று தோன்றும். ஆனால் வடம் பிடிக்கும் ஒவ்வொருவரும் தரையில் காலூன்றி நிற்கிறார். ஒவ்வொருவரின் இழுவையும் தனித்தனியே தரையிலிருந்து வடத்துக்குப் போகிறது. வரிசையாக நின்றாலும் கணக்கில் அது பக்க இணைப்புதான். சார்கோமியருக்குக் கால் ஊன்றத் தரை கிடையாது. அதன் நிலை, வடம் இல்லாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, காற்றில் தொங்கும் மனிதச் சங்கிலியின் நிலை. நடுவில் இருப்பவர் தன் வலப்பக்கத்தவரை எவ்வளவு இழுக்கிறாரோ அவ்வளவே இடப்பக்கத்தவரையும் இழுத்தாக வேண்டும். சங்கிலியில் பத்துப் பேர் இருந்தாலும் நூறு பேர் இருந்தாலும், ஒரு கைப்பிடியில் என்ன விசை இருக்கிறதோ அதுதான் முனையிலும் இருக்கும்.

அப்படியானால் கண்ணி சேர்ப்பதால் கிடைப்பது வீச்சும் வேகமும். ஒவ்வொரு சார்கோமியரும் ஒரே நேரத்தில் அரை மைக்ரான் சுருங்கினால், 40,000 சார்கோமியர் கோத்த சங்கிலி 2 சென்டிமீட்டர் சுருங்கும். 48,000 இருந்தால் அதே நேரத்தில் 2.4 சென்டிமீட்டர் சுருங்கும்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இளைஞரின் தொடைக்குத் திரும்புவோம். கணக்கு எளிதாக இருக்க, பயிற்சிக்கு முன் அவருடைய இழைக்கற்றையின் நீளம் 10 சென்டிமீட்டர், சார்கோமியரின் நீளம் 2.5 மைக்ரான் என்று கொள்வோம். வகுத்தால் 40,000 கண்ணிகள். பயிற்சிக்குப் பின் அதே கற்றை 12 சென்டிமீட்டர் இருக்கிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். கண்ணிகள் அதே 40,000, ஒவ்வொன்றும் 3 மைக்ரானாக இழுபட்டிருக்கிறது என்பது ஒன்று. கண்ணி ஒவ்வொன்றும் அதே 2.5 மைக்ரான், எண்ணிக்கை 48,000 ஆகியிருக்கிறது என்பது மற்றொன்று. அல்ட்ராசவுண்ட் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஓடும்போது இந்த வேறுபாடு வெளிப்படும். முழு வேகத்தில் ஓடுகிறவர் காலை முன்னால் வீசி, பாதம் தரையைத் தொடப்போகும் தறுவாயில் பின்தொடைத் தசை மிகவும் நீண்டிருக்கிறது. பெரும்பாலான ஹாம்ஸ்ட்ரிங் கிழிசல்கள் நிகழ்வதாகக் கருதப்படுவது அந்தத் தறுவாயில்தான். அப்போது கற்றை 14 சென்டிமீட்டருக்கு நீள்கிறது என்று வையுங்கள். 40,000 கண்ணிகள் இருந்தால் ஒவ்வொன்றும் 3.5 மைக்ரானுக்கு இழுபடும். மேவல் பாதியாகிவிட்டதால் விசையும் உச்சத்தில் பாதியளவுதான் இருக்கும். 48,000 இருந்தால் ஒவ்வொன்றும் 2.9 மைக்ரானை ஒட்டித்தான் நிற்கும். அங்கே விசையில் பத்தில் ஒன்பது பங்கு இன்னும் மிச்சமிருக்கும். கண்ணி சேர்ந்ததால் தசையின் உச்ச விசை கூடவில்லை. ஆனால் நீண்ட நிலையில் அந்த விசை கைவிடாமல் நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் முன்னணிக் கால்பந்து வீரர்களைப் பின்தொடர்ந்து டிம்மின்ஸ் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. இந்தத் தசையின் கற்றை 10.56 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது.

வளர்ந்து முடிந்த உடலில் கண்ணி சேர முடியுமா என்ற கேள்விக்குத் தெளிவான விடை தந்தது ஒரு பூனை ஆய்வு. பிரான்ஸின் தபாரி, தார்டியூ குழுவினரும் பிரிட்டனின் ஜெஃப்ரி கோல்ட்ஸ்பிங்கும் சேர்ந்து 1972-இல் அதை வெளியிட்டனர். வளர்ந்த பூனைகளின் பின்காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். சிலவற்றுக்குப் பாதத்தை மேல்நோக்கி மடக்கி, கெண்டைக்கால் பகுதியின் சோலியஸ் தசை நீண்டிருக்கும்படி கட்டினார்கள். சிலவற்றுக்குப் பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி, அந்தத் தசை சுருங்கியிருக்கும்படி கட்டினார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது, நீண்ட நிலையில் கட்டப்பட்ட தசையில் தொடர் சார்கோமியர்கள் 19 விழுக்காடு கூடியிருந்தன. சுருங்கிய நிலையில் கட்டப்பட்டதில் 40 விழுக்காடு குறைந்திருந்தன. கட்டைப் பிரித்து இன்னும் நான்கு வாரம் விட்டதும் எண்ணிக்கை பழையபடி ஆகிவிட்டது. நரம்பைத் துண்டித்த தசையிலும் இந்த மாற்றம் நடப்பதைப் பின்னர் கண்டார்கள். ஆக, தன் நீளத்தைத் தசை தானே உணர்கிறது.

அந்த ஆய்வுகளில் சார்கோமியர்களை எண்ணிய விதத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தசையை அமிலத்தில் ஊறவைத்தால் இழைகளை ஒட்டிப்பிடித்திருக்கும் இணைப்புத் திசு கரைந்துவிடும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஊசியால் ஒரே ஓர் இழையை, அறுந்துவிடாமல், முனையிலிருந்து முனை வரை பிரித்தெடுக்க வேண்டும். அதைக் கண்ணாடித் தகட்டில் கிடத்தி நீளத்தை அளந்து, பல இடங்களில் சார்கோமியரின் நீளத்தையும் அளந்து வகுத்தால் எண்ணிக்கை வரும். பின்னாளில் சார்கோமியரை அளக்க லேசர் உதவிக்கு வந்தது. சார்கோமியர்களின் வரிவரியான அமைப்பு ஒளியைப் பிரிக்கும் சீப்புபோல வேலை செய்வதால், இழையின் வழியே சிவப்பு லேசரைச் செலுத்தினால் மறுபக்கத்துத் திரையில் ஒளிப்புள்ளிகள் விழும். சார்கோமியர் 2.5 மைக்ரானாக இருந்தால் முதல் புள்ளி ஏறத்தாழ 15 பாகை விலகி விழும். 3 மைக்ரானாக இருந்தால் 12 பாகைதான் விலகும். கண்ணுக்கே தெரியாத ஒன்றின் நீளத்தை ஓர் அளவுகோலை வைத்துப் படித்துவிடலாம்.

பூனை ஆய்விலிருந்து கிடைத்த மிக முக்கியமான செய்தி எண்ணிக்கையைவிட, அது எங்கே போய் நின்றது என்பதுதான் என்று நினைக்கிறேன். நீட்டிக் கட்டப்பட்ட தசையில் முதலில் எல்லாச் சார்கோமியர்களும் இழுபட்டு நீண்டிருந்தன. கண்ணிகள் சேரச்சேர அந்த இழுபறி தளர்ந்தது. ஒவ்வொரு சார்கோமியரும் தனக்குப் பொருத்தமான நீளத்துக்குத் திரும்பியதும் சேர்ப்பு நின்றுவிட்டது. துணி இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்து அளவுக்கு விடுவோம். அளவு சரியான பிறகு மேலும் விட மாட்டோம். கண்ணி சேர்ப்பதும் அதுபோலத்தான். அதற்கு ஓர் இலக்கு இருக்கிறது, இலக்கை அடைந்ததும் நிற்கிறது. புரி சேர்ப்பதற்கு அப்படி ஒரு நிறுத்தம் இல்லை. சுமையைக் கூட்டிக்கொண்டே போனால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல நடந்துகொண்டே இருக்கும்.

மனிதரிலும் இது நடக்கும் என்பதற்கு ஓர் அறுவை சிகிச்சை சாட்சியாக அமைந்தது. ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்குத் தொடையெலும்பை வெட்டி, இரு துண்டுகளையும் நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, இடைவெளியில் புதிய எலும்பு வளரவிடும் சிகிச்சை உண்டு. 2007-இல் போக்ஸ், லீபர் குழுவினர் அப்படித் தொடையெலும்பு சுமார் 4 சென்டிமீட்டர் நீட்டப்பட்ட ஒருவரின் தசையைச் சிகிச்சைக்கு முன்னும் ஓராண்டு கழித்தும் அளந்தார்கள். தொடையின் முன்பக்கத் தசையில் ஒரு கற்றைக்கு ஏறத்தாழ 25,000 ஆக இருந்த தொடர் சார்கோமியர்கள் 58,000-ஐத் தாண்டியிருந்தன. ஒவ்வொரு சார்கோமியரும் முன்பைவிடச் சற்றுக் குட்டையாகவே இருந்தது. ஒரே ஒரு மனிதரில் கண்டதை எல்லாருக்கும் விதியாக்க முடியாது. ஆனாலும் மனிதத் தசைக்கு இந்தத் திறன் இருக்கிறது என்று காட்ட ஒருவர் போதும்.

மாவுக்கட்டும் எலும்பு நீட்டலும் நாள் முழுக்க ஓயாமல் இழுக்கும் இழுவைகள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, அரை மணி நேரம் செய்யும் பயிற்சியில் தசை நீண்டிருப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்கள் போதுமா? எலிகளில் போதும் என்று 1994-இல் லின், மோர்கன் இருவரும் காட்டினார்கள். ஒரு கூட்டம் எலிகளைச் சரிவில் மேல்நோக்கியும் இன்னொரு கூட்டத்தைக் கீழ்நோக்கியும் ஓடவிட்டார்கள். இறக்கத்தில் ஓடும்போது முழங்காலை நீட்டும் தசை ஒவ்வோர் அடியிலும் உடலைத் தாங்கியபடியே நீள்கிறது. மலைக்கோயில் படிகளில் இறங்கிய மறுநாள் தொடை வலிப்பதும் இதே வகை வேலையால்தான். சில நாள் ஓட்டத்திலேயே, இறக்கத்தில் ஓடிய எலிகளின் அந்தத் தசையில் ஏற்றத்தில் ஓடியவற்றைவிடத் தொடர் சார்கோமியர்கள் கூடுதலாக இருந்தன. வெறுமனே இழுபடுவதைவிட, விசை கொடுத்துக்கொண்டே இழுபடுவது வலுவான தூண்டல் என்பதை இது காட்டுகிறது.

மனிதரில் பயிற்சியின் விளைவை எண்ணத்தான் ஊசி தேவைப்பட்டது. 2008-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், சன்னமான ஊசியின் வழியே லேசர் ஒளியைத் தசைக்குள் செலுத்தி உயிருள்ள மனிதரின் சார்கோமியர்களைப் படமெடுக்கும் முறையை உருவாக்கினார்கள். மையோசின் இழைகளுக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. தம்மீது விழும் லேசர் ஒளியில் ஒரு பகுதியைப் பாதி அலைநீளமுள்ள ஒளியாக மாற்றி உமிழும். எனவே சாயம் ஏதும் ஏற்றாமலே திரையில் வரிகள் தெரியும். வரிகளுக்கு இடையிலான தூரம்தான் சார்கோமியரின் நீளம்.

இந்த ஊசியோடு நோர்டிக் பயிற்சியை ஆராய்ந்தவர்கள் பிஞ்சேராவும் சகாக்களும். மூன்று வாரப் பயிற்சிக்குப் பின் தசையின் கீழ்ப்பகுதியில், முழங்காலை ஒட்டிய பக்கத்தில், கற்றை நீண்டிருந்தது. ஊசியால் பார்த்தபோது சார்கோமியர்களும் ஏறத்தாழ அதே அளவுக்கு நீண்டிருந்தன. வகுத்துப் பார்த்தால் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை. நம் கணக்கில் சொன்னால், 40,000 கண்ணிகள் 3 மைக்ரானாக இழுபட்ட முதல் விளக்கம்தான். அதுவரை அல்ட்ராசவுண்டில் கற்றை நீண்டதை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணி சேர்ந்துவிட்டது என்று பலரும் எழுதிவந்தார்கள். அந்த முடிவுக்கு இது பெரிய அடி.

கதை அங்கே முடியவில்லை. அதே முறையைக் கொண்டு ஒன்பது வாரப் பயிற்சியைப் பின்தொடர்ந்த ஆய்வு 2025-இல் வந்தது. இம்முறை கற்றையின் நீட்சியைவிடக் கண்ணிகளின் எண்ணிக்கை அதிகமாகவே கூடியிருந்தது. தசையின் நடுப்பகுதியில் ஏறத்தாழ கால் பங்கும், கீழ்ப்பகுதியில் பாதியளவுக்கும் தொடர் சார்கோமியர்கள் கூடியிருப்பதாக மதிப்பிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது பூனையில் கண்ட அதே வரிசைதான் தெரிகிறது. முதலில் கண்ணிகள் இழுபடுகின்றன. இழுபறி நீடித்தால் புதிய கண்ணிகள் வந்து அதைத் தளர்த்துகின்றன. மூன்றாம் வாரத்தில் பார்த்தவர்கள் முதல் கட்டத்தையும் ஒன்பதாம் வாரத்தில் பார்த்தவர்கள் இரண்டாம் கட்டத்தையும் பார்த்தார்கள் என்பதே என் வாசிப்பு. ஊசி பார்ப்பது பல்லாயிரம் சார்கோமியர்களில் மிகச் சிலவற்றைத்தான் என்பதை மறக்கக் கூடாது. ஒரே தசையின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் இவ்வளவு மாறுபடும்போது, ஓரிடத்து அளவைத் தசை முழுவதற்கும் சொல்லிவிட முடியாது.

இனி உடற்பயிற்சிக் கூடங்களில் அதிகம் பேசப்படும் பக்கத்துக்கு வருவோம். தசை நீண்டிருக்கும் நிலையில் சுமை கொடுத்தால் அதிகம் வளரும் என்கிறார்கள். இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானில் கினோஷிட்டா குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு. ஒவ்வொருவரும் ஒரு காலை முழங்கால் நீட்டி நின்ற நிலையிலும், மறு காலை முழங்கால் மடக்கி உட்கார்ந்த நிலையிலும் வைத்து, குதிகாலை உயர்த்தும் பயிற்சியை 12 வாரம் செய்தார்கள். கெண்டைக்காலின் மேல்பக்கத்தில் இருக்கும் காஸ்ட்ராக்னீமியஸ் தசை முழங்காலைத் தாண்டித் தொடையெலும்பில் போய் ஒட்டியிருக்கிறது. ஆகவே முழங்காலை மடக்கினால் அது தொய்ந்துவிடும். அதன் அடியில் இருக்கும் சோலியஸ் முழங்காலைத் தாண்டுவதில்லை. முழங்கால் மடங்கினாலும் நீண்டாலும் அதற்கு ஒன்றுதான். எம்.ஆர்.ஐ. அளவில், காஸ்ட்ராக்னீமியஸின் வெளிப்பகுதி நின்று செய்த காலில் 12.4 விழுக்காடும், உட்கார்ந்து செய்த காலில் வெறும் 1.7 விழுக்காடும் வளர்ந்திருந்தது. சோலியஸில் இரு கால்களுக்கும் வேறுபாடு இல்லை. ஒரே மனிதர், ஒரே பயிற்சி. நிலை மாறினால் நீளம் மாறும் தசையில் மட்டும் விளைவும் மாறியது.

மயேவோ குழுவினர் 2021-இல் ஹாம்ஸ்ட்ரிங்கில் கண்டதும் இதை ஒட்டியதுதான். உட்கார்ந்து முழங்காலை மடக்கும் பயிற்சியில் இடுப்பு மடங்கியிருப்பதால் பின்தொடைத் தசை நீண்டிருக்கிறது, குப்புறப் படுத்துச் செய்தால் அப்படியில்லை. 12 வாரத்தில் உட்கார்ந்து செய்த காலில் 14 விழுக்காடும் படுத்துச் செய்த காலில் 9 விழுக்காடும் வளர்ச்சி. இடுப்பைத் தாண்டாத குறுந்தலைப் பகுதி மட்டும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு வளர்ந்தது.

இந்த வளர்ச்சி கண்ணியா, புரியா? எம்.ஆர்.ஐ. தருவது கன அளவு. முன்பே பார்த்தபடி இரண்டு வழியிலும் கன அளவு ஒரே மாதிரிதான் கூடும். குறுக்கு வெட்டை அளந்தால் தெரிந்துவிடாதா என்றால், அதுவும் ஏமாற்றும். கெண்டைக்கால் தசையில் கற்றைகள் காலின் நெடுக்கில் ஓடுவதில்லை. பறவையின் இறகில் தூவிகள்போலச் சாய்ந்து ஓடுகின்றன. சாய்ந்த கற்றை நீண்டால் தசை பக்கவாட்டில் தடிக்கும். நாடாவைச் சுற்றி அளப்பவருக்குக் கால் பருத்ததாகத் தெரியும், உள்ளே சேர்ந்தது கண்ணியாகவே இருக்கக்கூடும். எனவே, நீண்ட நிலைப் பயிற்சியில் கிடைக்கும் கூடுதல் வளர்ச்சி முழுவதும் தொடர் சார்கோமியர்தான் என்று சொல்பவர்களையும், முழுவதும் பருமன்தான் என்று சொல்பவர்களையும் இந்த எண்களை வைத்து ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

பருமன் பக்கத்துக்கு நேரடிச் சான்று அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ன்பெர்கர் ஆய்வகத்திலிருந்து வந்தது. இழையின் குறுக்கு வெட்டில் நுண்ணிழைகளை ஒவ்வொன்றாக எண்ணும் படமுறையை உருவாக்கி, அதிகச் சுமை ஏற்றிய எலிகளின் தசையையும் எடைப் பயிற்சி செய்த மனிதர்களின் தசையையும் பார்த்தார்கள். இழை பருத்ததில் பெரும்பங்கு நுண்ணிழைகளின் எண்ணிக்கை கூடியதால்தான், இருக்கும் நுண்ணிழைகள் தடித்ததால் அன்று. கயிற்றில் உண்மையாகவே புரி கூடியிருக்கிறது.

நீளம் ஏன் முக்கியமாகிறது என்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை மூன்று விடைகள் கலந்திருக்கின்றன. சில நிலைகளில் விடை மிக எளியது. உட்கார்ந்து குதிகாலை உயர்த்தும்போது காஸ்ட்ராக்னீமியஸ் அளவுக்கு மீறித் தொய்ந்திருப்பதால் விசையே கொடுக்க முடியவில்லை. விசை இல்லாத இடத்தில் வளர்ச்சியும் இருக்காது. நின்று செய்த காலின் வெற்றியில் ஒரு பகுதி, நீட்சியின் பெருமையைவிட, உட்கார்ந்த காலின் தோல்வியாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது, டைட்டின் என்ற மிகப் பெரிய புரதம். சார்கோமியரின் சுவரிலிருந்து நடுப்பகுதி வரை ஒரு சுருள்வில்போல அது ஓடுகிறது. சார்கோமியர் நீளும்போது அதுவும் இழுபடுவதால், மையோசின் தரும் விசையோடு இந்த வில்லின் விசையும் சேர்ந்துகொள்கிறது. நீளத்தை உணரும் உறுப்பாகவும் டைட்டினையே பலர் கருதுகிறார்கள். மூன்றாவது, கண்ணி சேர்வதே. இழையின் சார்கோமியர்கள் பொருத்தமான நீளத்தைத் தாண்டி இழுபடும் தசைகளில் மட்டும்தான் இதற்கு வேலை இருக்கிறது. இயல்பான அசைவில் அந்த எல்லையைத் தொடாத தசையை எவ்வளவுதான் நீண்ட நிலையில் பயிற்றினாலும், கண்ணி சேர்க்க அதற்குக் காரணம் கிடைக்காது.

நீண்ட நிலைப் பயிற்சியால் புதியவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் லாபம், ஏற்கெனவே முழு வீச்சில் பயிற்சி செய்துவரும் அனுபவசாலிகளிடம் மங்கிவிடுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். அசைவின் நீண்ட பாதியை மட்டும் செய்தவர்களையும் முழு வீச்சில் செய்தவர்களையும் ஒப்பிட்ட அண்மை ஆய்வில், பயிற்சி பெற்றவர்களிடம் வளர்ச்சி ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. முழு வீச்சில் செய்பவர் நீண்ட நிலையையும் தொட்டுவிட்டுத்தான் வருகிறார். அவருடைய கண்ணிகள் ஏற்கெனவே அளவுக்கு வந்திருக்கும். அதன்பின் அவர் உடலில் சேர்வதெல்லாம் பெரும்பாலும் புரிதான்.

முழங்காலிட்டுச் சாயும் அந்த இளைஞரிடம் கடைசியாக ஒருமுறை வருவோம். நோர்டிக் பயிற்சியில் இடுப்பு மடங்குவதே இல்லை. ஆகவே பின்தொடைத் தசை தன் அதிகபட்ச நீளத்தை ஒருபோதும் தொடுவதில்லை. ஆனாலும் இந்தப் பயிற்சியில் கண்ணி சேர்கிறது. எவ்வளவு நீளத்தில் என்பதோடு, எவ்வளவு விசையோடு இழுபட்டது என்பதும் கணக்கில் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. அவர் பயிற்சியை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஆறு வார நோர்டிக் பயிற்சியில் நீண்ட கற்றை, நிறுத்திய இரண்டே வாரத்தில் பழைய நீளத்துக்குத் திரும்பிவிட்டது. பூனைக்கு நான்கு வாரம் ஆயிற்று. இரண்டு வாரத்தில் ஆயிரக்கணக்கான கண்ணிகள் கழன்றனவா, அல்லது இழுபட்டிருந்த கண்ணிகள் தளர்ந்து குட்டையாயினவா? அந்த ஆய்வு அல்ட்ராசவுண்டில் மட்டும் செய்யப்பட்டது. விடை சொல்ல ஊசி வேண்டும்.